பொருள் இருக்கிறது, கடிதம் இல்லை

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றவர்களுக்கு அந்த வரிசை மறக்காது. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். 'பொருள்' என்று போட்டு ஒரு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில்தான் கதை தொடங்கும். ஆறாம் வகுப்பு மாணவன்கூடப் பொருளை மட்டும் எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட மாட்டான். ஆனால் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் அப்படிப்பட்ட கடிதங்கள் தினமும் வந்து விழுகின்றன. 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்று தலைப்பு இருக்கும். திறந்து பார்த்தால் வெள்ளைத் திரை.

மெயிலின் விதிகள் இதைத் தடுப்பதில்லை. இணைய மெயில் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஆர்எஃப்சி 5322 என்ற ஆவணம் 2008-ல் வந்தது. அதன்படி ஒரு மெயிலில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டே: அனுப்பிய தேதி, அனுப்பியவர் முகவரி. தலைப்பு இல்லாமலும் இருக்கலாம், உள்ளடக்கம் இல்லாமலும் இருக்கலாம். அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் தலைப்பை மறந்தால் 'இப்படியே அனுப்பட்டுமா' என்று நிறுத்திக் கேட்கின்றன. உள்ளே ஒன்றும் எழுதாவிட்டால் அந்த அக்கறை கிடையாது, பேசாமல் அனுப்பிவிடுகின்றன. கன்ட்ரோல் விசையையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் மெயில் போய்விடும் என்பது தெரியாமல், பத்தி பிரிக்கப் போய் அனுப்பிவிட்டவர்களும் உண்டு.

இப்படி ஒரு மெயில் வந்தால் என்ன பதில் எழுதுவது? பெரும்பாலானவர்கள் எழுதுவது, 'விவரங்களை அனுப்பவும்' என்ற இரண்டு சொல். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் பலன் கிடைப்பது அபூர்வம். ஏன் என்று பார்க்க ஒரு கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகரை ஒட்டிய சுமாரான கல்லூரி. இரண்டு பேர் கொண்ட சிஸ்டம் பிரிவு. திங்கட்கிழமை காலை 10.10-க்கு அலுவலகக் கண்காணிப்பாளரிடமிருந்து மேற்படி மெயில் வருகிறது. தேர்வுக் கட்டண ரசீதுகள் அச்சிட வேண்டிய நாள். வாசலில் மாணவர்கள் நிற்கிறார்கள்.

சிஸ்டம் பிரிவு இளைஞர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பிரிண்டரைப் பற்றியதல்ல. இந்த மெயில் உண்மையிலேயே காலிதானா?

காலியாகத் தெரியும் மெயில்களில் ஒரு பகுதி காலியாகப் புறப்பட்டவை அல்ல. கண்காணிப்பாளர் அம்மா தன் மொபைலில் பிரிண்டரைப் படம் பிடித்து, அந்தப் படத்தை மெயிலுக்குள் ஒட்டி, 'எல்லாம் படத்திலேயே இருக்கிறதே, தனியாக எதற்கு எழுத வேண்டும்' என்று அனுப்பியிருக்கலாம். புகார்களைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் சில, மெயிலுக்குள் ஒட்டிய படத்தைக் கையெழுத்துக்குக் கீழே வரும் கம்பெனி லோகோ என்று நினைத்துக் கழித்துவிடும். சில மென்பொருள்கள், 'இந்தக் கோட்டுக்கு மேலே பதில் எழுதவும்' என்று ஒரு கோடு போட்டு அனுப்பும். கோட்டுக்குக் கீழே எழுதியதெல்லாம் பழைய மெயிலின் மிச்சம் என்று வெட்டப்படும். பழைய புகாருக்கு வந்த மெயிலைத் திறந்து, அதற்கே பதிலாகப் புதுப் புகாரை அடியில் எழுதியவர், தான் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே மெயிலுக்குள் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் போகின்றன. ஒன்று வெறும் எழுத்து, மற்றொன்று வண்ணமும் தடித்த எழுத்துமாக அலங்கரித்தது. அனுப்பும் மென்பொருள் சரியில்லை என்றால் முதல் பிரதி வெறுமையாகவும் இரண்டாவதில் எல்லாமும் இருக்கும். பெறும் இடத்தில் உள்ள மென்பொருள் முதல் பிரதியை மட்டும் படிப்பதாக இருந்தால் வெள்ளைத் திரைதான். அவுட்லுக்கின் பழைய 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் அனுப்பினால், வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்கு winmail.dat என்ற பெயரில் ஒரு மூட்டை மட்டும் வந்து நிற்கும். இணைத்த கோப்புகள் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. மெயிலின் அளவைப் பார்த்தால் போதும். உள்ளே ஒன்றுமில்லாத மெயில், வழித்தடக் குறிப்புகளோடு சேர்த்துச் சில கிலோபைட்தான் இருக்கும். காலியாகத் தெரியும் மெயில் 400 கிலோபைட் இருந்தால் உள்ளே படமோ கோப்போ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜிமெயிலில் மெயிலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Show original என்பதைத் தேர்ந்தால், வந்தது வந்தபடி தெரியும். வெறும் எழுத்துப் பகுதிக்குக் கீழே வேறு பகுதிகள் இருக்கின்றனவா என்பது அங்கே வெளிச்சமாகிவிடும்.

கல்லூரி மெயிலின் அளவு ஆறு கிலோபைட். ஆக, காலியாகவே புறப்பட்டது.

அதே நிமிடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: அனுப்பிய முகவரி. தலைப்பில் ஒரு பிரச்சினை, உள்ளே ஒன்றும் இல்லை, கூடவே ஒரு இணைப்பு. இது மோசடிக்காரர்களுக்கும் பிடித்த அமைப்பு. 'கட்டணம் செலுத்தியதில் பிழை' என்று தலைப்பைப் பார்த்தவர், உள்ளே விளக்கம் இல்லாததால், என்னவென்று பார்க்க இணைப்பைத் திறந்துவிடுவார். வெறுமையே தூண்டில். இணைப்பும் இல்லாமல் வரும் சில வெற்று மெயில்கள், அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்ப்பவை. பதில் போட்டால் 'இருக்கிறேன்' என்று நாமே சொன்னதாகும். முகவரியில் சந்தேகம் வந்தால் அந்த மெயிலுக்குப் பதில் எழுதாமல், ஏற்கனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்பதுதான் வழி. இங்கே முகவரி கல்லூரியுடையது, அம்மாவைத் தெரியும், இணைப்பு எதுவும் இல்லை.

இனி தலைப்பு. அதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி ஏழை அல்ல. 'அவசரம்', 'ஒரு சந்தேகம்', 'சார் ப்ளீஸ்' என்பவற்றில் ஒன்றுமே இல்லை. 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்பதில் பொருளாவது தெரிகிறது. சில தலைப்புகளிலோ முழுக் கதையும் இருக்கும். உதாரணத்துக்கு, '0x0000011b வருகிறது' என்று மட்டும் ஒரு தலைப்பு வந்தால், உள்ளே ஒரு எழுத்து இல்லாவிட்டாலும் துறை தெரிந்தவர் அப்போதே பதில் எழுதத் தொடங்கலாம்.

அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரோடு பிரிண்டரை இணைத்து, மற்ற கம்ப்யூட்டர்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு சிறிய அலுவலகங்களில் சகஜம். அந்தக் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியில் ஒரு திருத்தம் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14-ல் வந்த அப்டேட்டில் அதைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து, அப்டேட் ஆன கம்ப்யூட்டர் ரகசியமாகப் பேசு என்று கேட்கும். ஆகாத கம்ப்யூட்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. பேச்சு முறிந்து இந்த எண் திரையில் வரும். அப்போது பல இடங்களில் அப்டேட்டையே நீக்கினார்கள், அல்லது ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கி அந்தப் பாதுகாப்பை அணைத்தார்கள். அச்சு வந்தது, ஓட்டையும் திரும்ப வந்தது. சரியான பதில், இரண்டு பக்கக் கம்ப்யூட்டர்களையும் அப்டேட் செய்வது. தலைப்பில் இருந்த ஒரு எண்ணிலிருந்தே இவ்வளவும் எழுதிவிடலாம். அதற்கும் 'விவரங்களை அனுப்பவும்' என்று எழுதுபவர் தலைப்பைப் படிக்கவில்லை.

கல்லூரித் தலைப்பில் அப்படி எண் எதுவும் கிடையாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். எதைக் கேட்பது?

2008-ல் ஜெர்மனியிலும் கனடாவிலும் இருந்த ஆய்வாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்தார்கள். அப்பாச்சி, எக்லிப்ஸ், மோசில்லா ஆகிய மூன்று மென்பொருள் திட்டங்களில் வேலை செய்பவர்களிடமும், அவற்றில் பிழை இருக்கிறது என்று எழுதிப் போடுபவர்களிடமும் கேட்டு 466 பதில்கள் வாங்கினார்கள். பழுது பார்ப்பவர்களுக்கு அதிகம் உதவுவது, என்ன செய்தபோது பிழை வந்தது என்ற படிப்படியான வரிசையும், பிழை நேர்ந்த கணத்தில் மென்பொருள் கக்கும் குறிப்புகளும் என்று தெரிந்தது. பிழையைச் சொல்பவர்கள் தருவதற்கு மிகவும் சிரமப்படுவதும் அதே இரண்டைத்தான். 'விவரங்களை அனுப்பவும்' ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. எது விவரம் என்பது கேட்பவருக்குத்தான் தெரியும். மெயில் அனுப்பியவரைப் பொறுத்தவரை பிரிண்டர் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் விவரம். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருந்தால் அவரே சரி செய்திருப்பார்.

ஆகவே கேள்வி, பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், படித்துத் தெரிந்திருக்க வேண்டியதாக இருக்கக் கூடாது. 'டிரைவர் என்ன வெர்ஷன்?' என்று கேட்டால் பதில் வராது. 'பிரிண்டரின் சின்னத் திரையில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் வரும். ஒவ்வொரு கேள்வியும் சாத்தியங்களைப் பாதியாக வெட்ட வேண்டும். பத்துக் கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பினால், ரசீதுக்கு மாணவர்கள் நிற்கும் நேரத்தில் யாரும் அதை நிரப்ப மாட்டார்கள்.

இன்னொரு வகைக் கேள்வியும் பயன்படாது. 'கேபிள் சொருகியிருக்கிறதா?' என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் 'இருக்கிறது' என்பார்கள். எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கேள்வியே அவர்களை மட்டம் தட்டுகிறது. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றும் ரேமண்ட் சென் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழியை எழுதியிருக்கிறார். கேபிள் முனையில் தூசி படிந்திருக்கலாம், கழற்றி ஊதிவிட்டு மறுபடி சொருகுங்கள் என்று சொல்ல வேண்டும். கழற்றப் போகிறவர், அது கழன்றே கிடப்பதைப் பார்ப்பார். சொருகிவிட்டு, 'ஆமாம், தூசிதான்' என்பார். யாருக்கும் மானக்கேடு இல்லை.

நம் இளைஞர் எழுதிய பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்ற தலைப்போடு உங்கள் மெயில் 10.10-க்கு வந்தது. உள்ளே எழுத்தோ படமோ எங்களுக்கு வந்து சேரவில்லை. ஏதாவது வைத்திருந்தால் வழியில் விட்டுப்போயிருக்கலாம். ஆபீஸ் ரூமில் ஜன்னல் பக்கம் இருக்கும் பிரிண்டரைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன், வேறு என்றால் சொல்லுங்கள். முதலில் பிரிண்டரில் இருக்கும் சின்னத் திரையையும், உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்தி வந்திருந்தால் அதையும் மொபைலில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். போட்டோ எடுத்த பிறகு, பிரிண்டரை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்து பாருங்கள். பக்கத்து டேபிளிலிருந்து கொடுத்தால் பிரிண்ட் வருகிறதா, கடைசியாக எப்போது நன்றாக வந்தது, இந்த இரண்டையும் மட்டும் சொல்லுங்கள். வரவில்லை என்று திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுக்க வேண்டாம் மேடம், சரியானதும் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். 10.30 வரை பதில் இல்லை என்றால் நானே கூப்பிடுகிறேன்."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்தோடு இருக்கிறது. மெயில் காலியாக வந்தது என்பதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், வந்து சேரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அளவைப் பார்த்து, காலியாகவே புறப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி எழுதுவது வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல. அவர் ஊகம் தவறாக இருந்து, அம்மா படம் அனுப்பியிருந்தால், அது வரவில்லை என்ற செய்தி அவருக்கு எட்ட வேண்டும். இல்லாவிட்டால், 'படமே அனுப்பிவிட்டோமே' என்று அவரும் காத்திருப்பார், இவரும் காத்திருப்பார்.

எந்தப் பிரிண்டர் என்ற ஊகத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 'எந்தப் பிரிண்டர்?' என்று கேட்டால் அதற்கென ஒரு மெயில் போய் வர வேண்டும். ஊகத்தைச் சொன்னால், சரியாக இருக்கும் பட்சத்தில் அந்தச் சுற்று மிச்சம்.

போட்டோ முதலில், அணைப்பது பிறகு என்ற வரிசை முக்கியம். அணைத்துப் போட்டால் பாதி பழுதுகள் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் திரையில் இருந்த பிழைச் செய்தியும் சேர்ந்து போய்விடும். நாளைக்கு அதே பழுது திரும்ப வந்தால் கையில் தடயம் இருக்காது.

சொல்லாமல் விட்டவையும் கவனிக்கத்தக்கவை. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்று அவர் எழுதவில்லை. வரிசையில் நிற்கும் அச்சு வேலைகளை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றும் எழுதவில்லை. பிரிண்டர் மக்கர் செய்தால் இணையத்தில் முதலில் கிடைக்கும் யோசனைகள் அவை. ஆனால் அந்த வரிசையில் ரசீதுகள் நிற்கக்கூடும். பழுது என்னவென்றே தெரியாதபோது தரும் யோசனை, தவறாக இருந்தாலும் கேடு செய்யாததாக இருக்க வேண்டும். அணைத்துப் போடுவது அப்படிப்பட்டது. அழிப்பது அப்படியல்ல.

பதில் 10.25-க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு படங்கள். பிரிண்டரின் திரையில் Ready. கம்ப்யூட்டரில் அதே பிரிண்டரின் பெயருக்குக் கீழே Offline. கூடவே ஒரு வரி: 'பக்கத்து டேபிளிலும் வரல தம்பி. சனிக்கிழமை மதியம் வரை நல்லா இருந்துச்சு. ஆஃப் பண்ணிப் போட்டும் அதே மாதிரிதான்.'

இவ்வளவில் பழுது ஏறக்குறைய அகப்பட்டுவிட்டது. பிரிண்டர் தன்னைத் தயார் என்கிறது, ஆகவே தாளோ மையோ சிக்கலல்ல. இரண்டு கம்ப்யூட்டரிலும் வரவில்லை, ஆகவே ஒரு கம்ப்யூட்டரின் அமைப்பில் வந்த குளறுபடியல்ல. விண்டோஸ் 10 வந்த பிறகு, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரைத் தானாகவே முதன்மைப் பிரிண்டராக வைத்துக்கொள்ளும் வழக்கம் சேர்ந்தது. அச்சு வேறு அறைக்குப் போய்விட்டதோ என்ற சந்தேகம் எழலாம். ஆனால் இரண்டு மேஜையிலும் ஒரே நாளில் அப்படி நேர்வது அரிது, Offline என்ற செய்தியும் அதற்குப் பொருந்தாது. மிஞ்சுவது நடுவில் உள்ள பாதை. சனிக்கிழமை மதியத்துக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையில் என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள்.

கல்லூரியின் ரவுட்டர், தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. வாடகை வீட்டுக்குக் கதவிலக்கம் போல. பிரிண்டருக்கு அது கொடுத்திருந்த எண் 192.168.1.23. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இரண்டிலும் பிரிண்டரைச் சேர்த்தபோது அந்த எண்ணையே கைப்பட எழுதி வைத்திருந்தார்கள். சிறிய ரவுட்டர்கள் பலவற்றுக்கு, மின்சாரம் போய் வந்தால் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பது நினைவில் நிற்காது. திங்கட்கிழமை காலை முதலில் வந்தவருக்கு முதல் எண்.

இங்கேதான் ஒரு வழுக்கல் இருக்கிறது. இளைஞர் தன் இடத்திலிருந்தே சோதித்துப் பார்த்தார்.

```
ping 192.168.1.23
```

பதில் வந்தது. இந்த இடத்தில் அவசரப்படுபவர், 'பிரிண்டர் பதில் சொல்கிறதே, அப்படியானால் கம்ப்யூட்டரில்தான் கோளாறு' என்று டிரைவரை நோண்டப் போயிருப்பார். ping என்பது, அந்த எண்ணில் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். யார் என்று சொல்லாது. பிரிண்டர்களின் மெனுவில், தன் அமைப்பு விவரங்களைத் தானே ஒரு தாளில் அச்சிடும் வசதி பெரும்பாலும் இருக்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை. அதை எடுக்கச் சொன்னார். தாளில் இருந்த எண் 192.168.1.31. அப்படியானால் 23-ல் இருப்பது யார்? ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால், யாரோ ஒரு விரிவுரையாளரின் மொபைல். காலை எட்டரை மணிக்கே வந்துவிட்டிருக்கிறார். அலுவலகத்து ரசீதுகளெல்லாம் அந்த மொபைலின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

இரண்டு கம்ப்யூட்டரிலும் பிரிண்டரின் முகவரியை 31 என்று மாற்றினார். ரவுட்டரில், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இதே எண்தான் என்று ஒதுக்கி வைத்தார். இனி மின்சாரம் போய் வந்தாலும் மாறாது. 10.50-க்கு ரசீதுகள் வரத் தொடங்கின. மெயிலுக்கு ஒரே ஒரு பதில், அதற்கு ஒரு வாட்ஸ்அப், பிறகு ஒரு தொலைபேசிப் பேச்சு.

அம்மா பதிலே அனுப்பாமல் இருந்திருந்தால்? இது நடக்கக்கூடியதுதான். பாதிப்பேருக்கு, மெயில் போட்ட பிறகு பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும், சொல்ல மறந்திருப்பார்கள். உபுண்டு போன்ற மென்பொருள்களின் பிழைகளைக் கையாளும் லாஞ்ச்பேட் என்ற தளத்தில், விவரம் போதாத பிழைக்கு 'முழுமையில்லை' என்று முத்திரை குத்துவார்கள். 60 நாள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாகக் காலாவதியாகும். உலகம் முழுவதிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எழுதும் இடத்துக்கு அது சரி. ஒரே வளாகத்தில் இருப்பவர்களுக்கு இருபது நிமிடமே அதிகம், கூப்பிட்டுவிடலாம். சில தலைப்புகளுக்கு அந்த இருபது நிமிடமும் கூடாது. 'யுபிஎஸ்ஸில் புகை வருகிறது' என்று தலைப்பு மட்டும் வந்தால் அளவு பார்ப்பது, கேள்வி எழுதுவது எல்லாம் பிறகு. மெயினை அணைக்கச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும்.

விவரமில்லாத புகார்களை முளையிலேயே தடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2016 ஜனவரியில், இலவச மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப் நிறுவனத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். தேவையான விவரமே இல்லாமல் பிழைகள் வந்து குவிகின்றன என்பது அவர்களின் புகார்களில் ஒன்று. அடுத்த மாதமே, எழுதுமிடத்தில் தலைப்புகளை முன்கூட்டியே அச்சிட்டு வைக்கும் வசதியை கிட்ஹப் கொடுத்தது. என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள். அது உதவியது. கூடவே புதுவகை வெறுமை ஒன்றும் பிறந்தது. தலைப்புகள் எல்லாம் அப்படியே நிற்க, கீழே ஒன்றும் எழுதாமல் அனுப்புவது. வெள்ளைத் தாளுக்குப் பதில் நிரப்பாத படிவம்.

டெபியன் குழுவினர் வேறு வழியில் போனார்கள். அவர்களின் reportbug என்ற சிறு நிரல், புகார் எழுதுபவரிடம் கேட்காமலேயே எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், கூட என்னென்ன நிறுவப்பட்டிருக்கின்றன என்பதைத் தானே திரட்டி அடியில் சேர்த்துவிடும். எழுதியவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாலும் பழுது பார்ப்பவருக்குத் தொடங்க ஒரு இடம் கிடைக்கும். கல்லூரியில் இதற்கு ஈடானது ஒரு ஸ்டிக்கர். அன்று மாலையே இளைஞர் வளாகத்திலுள்ள பிரிண்டர்கள் எல்லாவற்றின் மீதும் ஒரு எண்ணை ஒட்டினார். அலுவலகத்தில் இருப்பது 'பி 4'. 'மெயில் போடும்போது இந்த நம்பரையும், திரையில் இருப்பதையும் போட்டால் போதும் மேடம்' என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து கண்காணிப்பாளரிடமிருந்து அடுத்த மெயில். தலைப்பு: 'பி 4, பேப்பர் ஜாம்னு திரையில் இருக்கு, திறந்து பார்த்தேன் பேப்பர் இல்லை, காலை 11லிருந்து'. உள்ளே வெள்ளைத் திரை. இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுக் காகிதத்தை எடுக்க ஒரு டார்ச்சையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.